முதலாளி தந்த சம்பள அட்வான்ஸ்: நன்றிக் கடிதத்தில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

கேள்வி: வணக்கம். கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஆறு வருடமாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். சம்பளம் 31,000, பி.எஃப். போக 29,200 கைக்கு வரும். ஜனவரியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பைபாஸ் செய்தோம். விஷயம் தெரிந்ததும் எங்கள் எம்.டி. சார் கம்பெனி கணக்கிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். அன்று இரவு அவரே வந்து பார்த்துவிட்டு, "மருந்துச் செலவுக்கு வெச்சுக்கோ" என்று 20,000 ரொக்கமாகக் கையில் கொடுத்தார். வட்டி பற்றி யாரும் பேசவில்லை. அப்பா இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார். "ஒரு லெட்டர் எழுதிக் கொடுப்பா, ஃபைலில் போடணும்" என்கிறார் அக்கவுண்டன்ட். மாதம் 12,000 பிடித்துக்கொள்ளுங்கள், பத்து மாதத்தில் தீர்த்துவிடுகிறேன், கடன் தீரும்வரை வேலையை விட்டுப் போக மாட்டேன், நம்பிக்கைக்கு ஒரு பிளாங்க் செக்கும் தருகிறேன் என்று எழுத நினைத்திருக்கிறேன். அப்பாவின் இன்ஷூரன்ஸில் 45,000 வர வேண்டியிருக்கிறது. அது வந்தால் அதையும் அப்படியே கட்டிவிடலாம் என்று எண்ணம். ஆனால் நன்றிக் கடிதத்தில் கணக்கு எழுதினால் அவர் மனசு புண்படும் என்கிறார் என் மனைவி. எப்படி எழுதுவது? வீட்டுச் செலவுக் கணக்கையும் இத்துடன் எழுதியிருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. "நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டேன், மாதாமாதம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று நன்றியையும் கணக்கையும் ஒரே மூச்சில் எழுதினால் படிப்பவருக்கு உறுத்தத்தான் செய்யும். நன்றியை ஒரு பத்தியில் முடித்துவிட்டு, அடுத்த பத்தியில் கணக்கைத் தொடங்கினால் உறுத்தாது. பணம் கொடுத்தவருக்கு உண்மையில் சங்கடம் எது தெரியுமா? நான்கு மாதம் கழித்து, "அந்த அட்வான்ஸ் என்ன ஆச்சு?" என்று அவரே வாய்விட்டுக் கேட்க வேண்டி வருவது. தேதியும் தொகையும் உங்கள் கடிதத்திலேயே இருந்துவிட்டால் அவருக்கு அந்தச் சங்கடம் வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் இதை நன்றிக் கடிதம் என்று நினைத்து எழுதுகிறீர்கள். அக்கவுண்டன்ட் கேட்பதோ கடனுக்கான ஆவணம். ஃபைலில் போன பிறகு அந்தத் தாள் இரண்டாகவும் இருக்கும். உங்கள் கையெழுத்தோடு "இவ்வளவு தர வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் அது கடனை ஒப்புக்கொண்டதற்குச் சான்று. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, அப்படி எழுதிக் கொடுத்த நாளிலிருந்து வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டுக் காலம் புதிதாகத் தொடங்குகிறது. கடனைத் தீர்க்க நினைக்கும் உங்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உணர்ச்சிவசப்பட்டு எழுதும் வரிகளுக்கும் அதே கனம் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. நீங்கள் எழுத நினைத்திருக்கும் மூன்று வரிகளில் எனக்குத் தயக்கம் இருப்பது அதனால்தான்.

ஒரு லட்சம் வேறு, இருபதாயிரம் வேறு

முதலில் யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாதம் 12,000 வீதம் பத்து மாதம் என்றால் 1,20,000. அதாவது மொத்தத்தையும் கம்பெனிக் கடனாகவே போட்டிருக்கிறீர்கள். ஒரு லட்சம் கம்பெனி கணக்கிலிருந்து போனது. அதைத் தர வேண்டியது கம்பெனிக்கு. இருபதாயிரம் எம்.டி.யின் சொந்தப் பணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள், அதன் எம்.டி. வேறொரு ஆள். கம்பெனிக் கடிதத்தில் 1,20,000 என்று எழுதினால், கம்பெனி கொடுக்காத 20,000 ரூபாயையும் கம்பெனி உங்கள் சம்பளத்தில் பிடிக்கும். அக்கவுண்டன்டின் கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகைக்கு ரசீதும் இருக்காது, வவுச்சரும் இருக்காது. பிடித்த பணம் எம்.டி. கைக்குப் போய்ச் சேரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அந்த இருபதாயிரம் கடனா அன்பளிப்பா என்பதை அவர் சொல்லவில்லை. நீங்களும் ஊகிக்க வேண்டாம். கடிதம் கொடுக்கும்போது தனியாக, "சார், அன்னைக்கு ராத்திரி கையில குடுத்த இருபதாயிரத்தையும் திருப்பித் தரணும்னு இருக்கேன். போனஸ் வந்ததும் உங்க அக்கவுண்டுக்கே அனுப்பிடறேன்" என்று நேரில் சொல்லுங்கள். "அதை விடுப்பா" என்றால் ஒரு முறை மறுத்துப் பாருங்கள். அதற்கு மேலும் வேண்டாம் என்றால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் கம்பெனி ஃபைலுக்குப் போகும் கடிதத்தில் அந்தத் தொகை வரக் கூடாது.

திருப்பித் தருவதாக இருந்தால் ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதையும், ரொக்கமாகத் திருப்பித் தருவதையும் வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் தொகை சரியாக அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. வாங்கியது ஆஸ்பத்திரி வாசலில், அவசரத்தில். நியாயமான காரணம் இருந்தால் அபராதம் இல்லை என்று சட்டமே இடம் தருகிறது. திருப்பிக் கொடுக்கும்போது அப்படி ஓர் அவசரத்தைக் காரணம் காட்ட முடியாது.

மாதம் பன்னிரண்டாயிரம் ஏன் வேண்டாம்

நீங்கள் அனுப்பிய வீட்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். வாடகை 7,500, மளிகை, பால், காய்கறி, கேஸ் 9,000, குழந்தையின் பள்ளி, வேன் 2,500, பைக் தவணை 2,900, பெட்ரோல், செல்போன் 1,800, அப்பாவின் மாத்திரைகளும் செக்கப்பும் 2,800. மொத்தம் 26,500. உங்கள் 29,200 ரூபாயோடு மனைவி தையலில் கொண்டுவரும் 6,000 சேர்ந்தால் வரவு 35,200. மாதக் கடைசியில் மிஞ்சுவது 8,700.

இந்த 8,700 ரூபாயில் 12,000 எப்படிப் பிடிப்பது? மாதாமாதம் 3,300 துண்டு விழும். பத்து மாதத்தில் 33,000. அதை எங்கிருந்து புரட்டுவீர்கள்? நகையை அடகு வைப்பீர்கள், இல்லையென்றால் தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்குவீர்கள். வட்டியில்லாக் கடனை அடைக்க வட்டிக் கடன் வாங்கியதாக முடியும். வழக்கமாக மூன்றாவது, நான்காவது மாதத்தில் இது தெரியவரும். "இந்த மாதம் மட்டும் பிடிக்காதீங்க சார்" என்று அக்கவுண்டன்ட் மேஜை முன்னால் போய் நிற்பீர்கள். பன்னிரண்டாயிரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு முறை தவறியவரைவிட, ஆறாயிரம் என்று எழுதி ஒரு முறையும் தவறாதவர் மேல்தான் முதலாளிகளுக்கு மதிப்பு.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒரு மாதச் சம்பளத்தில் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது. முன்பிருந்த 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குத்தான் பொருந்தும். இப்போது அந்தச் சம்பள வரம்பு இல்லாததால் உங்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. உங்கள் 31,000 ரூபாய்க்குப் பாதி 15,500. அதில் பி.எஃப். 1,800 போனால் ஏறத்தாழ 13,700 வரை பிடிக்க இடமிருக்கிறது. ஆகவே 12,000 பிடிப்பது சட்டப்படி செல்லும், ஆனால் உங்கள் வீடு அதைத் தாங்காது. சட்டம் சொல்லும் உச்ச வரம்பை வைத்துத் தவணையை முடிவு செய்யாதீர்கள்.

என் கணக்கு மாதம் 6,000. மிச்சம் 2,700 காய்ச்சல், கல்யாண மொய், பைக் ரிப்பேர் போன்றவற்றுக்குக் கையில் இருக்கட்டும். ஒரு லட்சத்துக்கு 16 தவணை 6,000 வீதம் 96,000. 17-ஆவது தவணை 4,000. ஏப்ரல் 2026 சம்பளத்தில் தொடங்கினால் ஆகஸ்ட் 2027 சம்பளத்தோடு தீரும். பதினேழு மாதம் என்பது உங்களுக்கு நீளமாகத் தெரியலாம். எம்.டி. ஒரு வருடத்துக்குள் வேண்டும் என்று கேட்டால் அப்போது பேசிக்கொள்ளலாம். அவர் கேட்காத வேகத்தை நீங்களே தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் பணத்துக்கு வருவோம். அது உங்கள் அப்பாவின் பாலிசி, அவர் கணக்கில் வரும் பணம். முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது, 45,000 கேட்டால் 45,000 வரும் என்பதில்லை. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் போன்ற செலவுகளைக் கழிப்பார்கள். செலவில் ஒரு பங்கை நீங்களே ஏற்க வேண்டும் என்ற இணைப்பங்கு விதி பாலிசியில் இருந்தால் இன்னும் குறையும். அதனால் தொகையைக் குறிப்பிடாமல், "வரும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கை, வந்த ஏழு நாட்களுக்குள் செலுத்துகிறேன்" என்று எழுதுங்கள். மீதி ஒரு பங்கு அப்பாவின் தொடர் சிகிச்சைக்கு இருக்கட்டும். முழு 45,000 ரூபாயும் வந்தால் 30,000 கட்டுவீர்கள். ஐந்து தவணை ஒரேயடியாகக் குறைந்து, மார்ச் 2027 சம்பளத்திலேயே கடன் முடிந்துவிடும். அப்படி மொத்தமாகக் கட்டும்போது மாதத் தவணை குறையுமா, மாதங்கள் குறையுமா என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், அடுத்த மாதம் தவணையே பிடிக்காமல் விடுவார்கள். ஐந்து மாதம் கழித்து மறுபடி பிடிக்கும்போது உங்கள் வீட்டுக் கணக்கு தடுமாறும்.

எம்.டி.யின் இருபதாயிரத்தைத் தீபாவளி போனஸிலிருந்து இந்த ஆண்டு 10,000, அடுத்த ஆண்டு 10,000 என்று தரலாம். போனஸ் முழுவதையும் ஒரே ஆண்டில் கொடுத்துவிட்டு, துணிமணிக்குக் கைமாற்று வாங்க வேண்டாம்.

"வேலையை விட்டுப் போக மாட்டேன்" என்ற வரி

இதை நன்றியால்தான் எழுத நினைக்கிறீர்கள். ஆனால் உங்களைவிட உங்கள் எம்.டி.க்குத்தான் இது ஆபத்து. முன்பணத்துக்கு ஈடாக, வேறு இடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை ஒருவர் விட்டுக்கொடுத்தால் அதைக் கொத்தடிமை முறை என்று 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொல்கிறது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் கொடுத்துக் குடும்பங்களைப் பூட்டி வைத்ததைத் தடுக்க வந்த சட்டம் அது. நல்ல சம்பளத்தில், விரும்பிய வேலையில் இருக்கும் உங்களை யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் "கடன் தீரும்வரை போக மாட்டேன்" என்று ஒரு தொழிலாளியின் கையெழுத்தோடு கம்பெனி ஃபைலில் ஒரு தாள் இருப்பதை எந்த நல்ல முதலாளியும் விரும்ப மாட்டார். விவரம் தெரிந்த அக்கவுண்டன்டாக இருந்தால் அவரே திருப்பித் தந்து மாற்றி எழுதச் சொல்வார்.

நீங்கள் வேலையை விட்டால் பணம் போய்விடுமோ என்பதுதான் அவர்களுடைய உண்மையான கவலை. அதற்கு நேராகப் பதில் எழுதுங்கள்: வேலையை விட நேர்ந்தால் முறைப்படி நோட்டீஸ் கொடுப்பேன், கடைசிச் சம்பளத்திலும் விடுப்புச் சம்பளத்திலும் நிலுவையைப் பிடித்துக்கொள்ளலாம், அதற்கு மேலும் இருந்தால் மாதம் 6,000 வீதம் வங்கி மூலம் தொடர்ந்து கட்டுவேன். ராஜினாமா செய்யும் உரிமை உங்களிடமே இருக்கும், கடனும் கடனாகவே இருக்கும்.

அந்த வரியில் பி.எஃப்., கிராஜுவிட்டி என்ற சொற்களைச் சேர்த்துவிடாதீர்கள். பி.எஃப். பணத்தைக் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கவும் முடியாது, கடன்காரர் ஜப்தி செய்யவும் முடியாது. கிராஜுவிட்டியையும் நீதிமன்ற உத்தரவு மூலம் ஜப்தி செய்ய முடியாதபடி சட்டம் காக்கிறது. சாதாரணக் கைக்கடனைக் காட்டி அதை நிறுத்தி வைக்கவும் முதலாளிக்கு உரிமை கிடையாது.

பிளாங்க் செக்

யாரும் கேட்கவில்லை, நீங்களாகக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். வேண்டாம். உங்கள் சம்பளமே அவர்கள் கையில் இருக்கும்போது அதைவிட என்ன ஈடு வேண்டும்?

தொகை நிரப்பாத செக் செல்லாது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. கையெழுத்துப் போட்டு மனமுவந்து கொடுத்த வெற்றுச் செக்கை வாங்கியவர் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டதாகவே சட்டம் அனுமானிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தச் செக் பவுன்ஸ் ஆனால், வங்கித் தகவல் வந்த 30 நாட்களுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் வரும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் கிரிமினல் வழக்கு. இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் எம்.டி. இதைச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அக்கவுண்டன்ட் மாறுவார், கம்பெனி கைமாறும், அண்ணன் தம்பி பாகம் பிரிப்பார்கள். அப்போதும் உங்கள் செக் ஏதோ ஒரு ஃபைலில் கிடக்கும்.

அக்கவுண்டன்ட் விடாப்பிடியாகக் கேட்டால் எல்லாவற்றையும் நீங்களே நிரப்பிக் கொடுங்கள். கம்பெனி பெயர், தொகை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு கோடு போட்டு, பெறுபவர் கணக்கில் மட்டும் என்று எழுத வேண்டும். செக் எண்ணையும், எதற்காகக் கொடுத்தது என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். பாதிக் கடன் தீர்ந்த பிறகு அந்தச் செக்கை மாற்றி, நிலுவைத் தொகைக்குப் புதுச் செக் கொடுங்கள். இடையில் கட்டிய பணத்தைச் செக்கில் குறித்துக்கொள்ளாமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்டால் 138-ஆவது பிரிவு வழக்கு நிற்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க நீங்கள் கோர்ட் படியேற வேண்டியிருக்கும்.

புரோநோட் கேட்டாலும் இதே விதிதான்: தொகை, தேதி நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படி எழுதலாம்

தமிழிலேயே எழுதுங்கள். இங்கிலீஷில் எழுதிய நன்றி, நகல் எடுத்த நன்றி போலத்தான் இருக்கும். முதல் பத்தியில் அவர் செய்ததை அப்படியே சொல்லுங்கள்: என்றைக்கு, என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது. "தெய்வமே நேரில் வந்தது போல", "என் தோல் உங்களுக்குச் செருப்பு" என்ற வகையில் போகத் தேவையில்லை. ஆறு வருடம் தினமும் பார்க்கும் மனிதர் அவர். அதைப் படித்துவிட்டு மறுநாள் உங்களோடு சகஜமாகப் பேசத் தயங்குவார். பணத்தை அனுப்ப ஓடியவர், உங்கள் ஷிப்ட்டைப் பார்த்துக்கொண்டவர் என்று மற்றவர்களையும் ஒரு வரியில் சேருங்கள்.

> தேதி: 9.3.2026
>
> பெறுநர்: நிர்வாக இயக்குநர், ________ பிரைவேட் லிமிடெட், கோவை.
>
> பொருள்: தந்தையின் சிகிச்சைக்குத் தந்த சம்பள முன்பணம் – நன்றியும் திருப்பிச் செலுத்தும் விவரமும்.
>
> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
>
> ஜனவரி 19 அன்று என் தந்தைக்கு உடனே பைபாஸ் செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னபோது கட்டுவதற்கு எங்களிடம் பணம் இல்லை. நான் போனில் சொன்ன அன்றைக்கே நீங்கள் பணம் அனுப்பச் செய்தீர்கள். அதனால் ஆபரேஷன் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. இரவில் நீங்களே வந்து பார்த்ததை என் தந்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது வீட்டுக்குள் நடமாடுகிறார். உங்களுக்கும், பணத்தை உடனே அனுப்பிய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும், நான் வராத நாட்களில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.
>
> கம்பெனி கணக்கிலிருந்து மருத்துவமனைக்குச் செலுத்தப்பட்ட ரூ. 1,00,000 (ஒரு லட்சம் மட்டும்) என் சம்பள முன்பணம், இதற்கு வட்டி இல்லை என்ற புரிதலில் எழுதுகிறேன். ஏப்ரல் 2026 சம்பளம் முதல் மாதம் ரூ. 6,000 வீதம் 16 மாதங்களும், 17-ஆவது மாதம் ரூ. 4,000-உம் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். ஐந்து நாட்களுக்கு மேல் சம்பளமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்த மாதத்தில் ரூ. 3,000 மட்டும் பிடிக்குமாறும், குறையும் தொகையைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> தந்தையின் மருத்துவக் காப்பீட்டுத் தொகை வந்தால், அதில் மூன்றில் இரண்டு பங்கை ஏழு நாட்களுக்குள் செலுத்துகிறேன். அதனால் தவணைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். மாதத் தவணை மாறாமல் தொடரட்டும்.
>
> இடையில் வேலையை விட நேர்ந்தால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, கடைசிச் சம்பளத்திலும் விடுப்புச் சம்பளத்திலும் நிலுவையைப் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். அதற்கு மேலும் நிலுவை இருந்தால் மாதம் ரூ. 6,000 வீதம் கம்பெனியின் வங்கிக் கணக்கில் செலுத்துவேன்.
>
> மாதாந்திரச் சம்பளச் சீட்டில் பிடித்தத் தொகையும் மீதித் தொகையும் குறிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பணியாளர் எண், கையெழுத்து)

சம்பளமில்லா விடுப்பு பற்றிய வரியைப் பலரும் விட்டுவிடுவார்கள். பைபாஸ் ஆன முதல் வருடத்தில் அப்பாவைச் செக்கப்புக்கு அழைத்துப் போக நீங்கள் லீவு எடுக்கத்தான் செய்வீர்கள். உங்களுக்கு ஒரு நாள் சம்பளம் சுமார் 1,030 ரூபாய். ஆறு நாள் போனாலே 6,000 ரூபாய்க்கு மேல் குறையும். அதே மாதத்தில் தவணை 6,000 ரூபாயும் போனால் வாடகை கொடுப்பதே சிரமமாகிவிடும். வட்டி இல்லை என்பதை "புரிதல்" என்று எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. யாரும் பேசாத விஷயத்தை முடிவான உண்மையாக எழுதக் கூடாது. அவர்கள் வேறு மாதிரி நினைத்திருந்தால் இந்த வரியைப் பார்த்ததும் இப்போதே சொல்லிவிடுவார்கள். ஒரு வருடம் கழித்துத் தெரிவதைவிட அது நல்லது.

கொடுக்கும்போதும் அதற்குப் பிறகும்

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை எம்.டி.யின் கையில், அவர் தனியாக இருக்கும்போது கொடுங்கள். அடுத்ததில் அக்கவுண்ட்ஸில் தேதியோடு "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் சீலும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீட் பாக்ஸ் கொடுக்க ஆசையிருந்தால் கொடுக்கலாம், ஆனால் சாதாரணமாக இருக்கட்டும். கடன் வாங்கியவர் விலை உயர்ந்த பரிசோடு வந்தால் கொடுத்தவருக்குக் கஷ்டமாக இருக்கும்.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் நன்றி போடாதீர்கள். எத்தனை பேர் முன்பு அட்வான்ஸ் கேட்டு இல்லை என்று திரும்பியிருப்பார்களோ, உங்களுக்குத் தெரியாது. எம்.டி. உங்களுக்காக வழக்கத்தை மீறியிருக்கலாம். உங்கள் பதிவைப் பார்த்து மறுநாள் நான்கு பேர் அவர் அறைக்கு முன்னால் நின்றால், அடுத்தவருக்குக் கிடைக்கக்கூடிய உதவியும் நின்றுபோகும். தொகையை உடன் வேலை செய்பவர்களிடமும் சொல்ல வேண்டாம்.

அக்கவுண்டன்டிடம் ஒன்றை மட்டும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: இந்த ஒரு லட்சத்தை ஊழியருக்குக் கொடுத்த கடன் முன்பணமாக எழுதியிருக்கிறார்களா, முன்கூட்டியே கொடுத்த சம்பளமாக எழுதியிருக்கிறார்களா? பேச்சில் இரண்டையும் அட்வான்ஸ் என்றுதான் சொல்கிறோம். முன்கூட்டிய சம்பளம் என்று எழுதினால் அது அந்த ஆண்டின் வருமானத்தில் சேர்ந்து, ஃபாரம் 16-இல் உங்கள் வருமானம் ஒரு லட்சம் கூடுதலாகத் தெரியும். உங்கள் சம்பளத்துக்கு வரி வராமல் போகலாம். ஆனால் வருமானச் சான்று காட்டி உதவித்தொகையோ வேறு சலுகையோ கேட்கும்போது அந்தத் தொகை இடிக்கும். ஆஸ்பத்திரி பில் நகலையும் அவரிடம் ஒன்று கொடுத்து வையுங்கள்.

மே மாதம் வரும் ஏப்ரல் சம்பளச் சீட்டை நன்றாகப் பாருங்கள். பிடித்தம் 6,000, மீதி 94,000 என்று இருக்க வேண்டும். பிடித்தம் மட்டும் இருந்து மீதி இல்லையென்றால் அப்போதே கேளுங்கள். பத்தாவது மாதத்தில் கேட்டால் பழைய சீட்டுகளைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும். இன்ஷூரன்ஸ் பணத்தைக் கட்டும்போது வங்கிப் பரிமாற்றக் குறிப்பில் "சம்பள அட்வான்ஸ் திருப்பம்" என்று எழுதி, அந்த மாதச் சீட்டில் மீதி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். வங்கிக் கணக்கில் வந்த பணத்தை ஒருவர் பதிவார், சம்பளப் பட்டியலை இன்னொருவர் போடுவார். இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் பழைய மீதியே தொடர்ந்து ஓடும்.

கடைசித் தவணை பிடித்த மாதம், "9.3.2026 கடிதத்தில் கண்ட முன்பணம் முழுவதும் வசூலாகிவிட்டது, நிலுவை எதுவுமில்லை" என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். செக்கோ புரோநோட்டோ கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்கி, நீங்களே குறுக்கே கோடு போட்டு, அந்தச் சான்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.